ஐம்பது ஆண்டு, ஆறு நிமிடம்

பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்கு மண்டபத்தில் ஒரு வீடியோ போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: நூற்றைம்பது புகைப்படங்களை வரிசையாக அடுக்கி, அடியில் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுவார்கள். இரண்டாவது நிமிடத்தில் பாதிப் பேர் பந்திப் பக்கம் நகர்ந்திருப்பார்கள். படங்கள் மோசமானவை அல்ல. எழுத்து இல்லாமல் தொடங்கியதுதான் கோளாறு.

முதலில் கணக்கு. மண்டபத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒரு படம் திரையில் குறைந்தது ஐந்தாறு விநாடி நிற்க வேண்டும். குடும்பக் கும்பல் படம் என்றால் பத்து விநாடி வேண்டும், அவரவர் தங்கள் முகத்தைத் தேடுவார்கள் அல்லவா. அப்படிப் பார்த்தால் ஐம்பது படங்களுக்கு மேல் இடமில்லை. குரல் பாதி நேரம் பேசினால் போதும், மீதி நேரத்தில் இசையும் படமும் பார்த்துக்கொள்ளும். நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய முந்நூறு சொற்கள். எழுத வேண்டியது அவ்வளவே. எழுதியதைச் சத்தமாகப் படித்து, செல்போனில் நேரம் பாருங்கள்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் படத்தையும் வலப்பக்கம் குரலையும் இசையையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீண். 1975இல் நடந்த ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படம், மாலையும் கழுத்துமாக இருவர். “இது அப்பா அம்மாவின் திருமணப் படம்” என்று குரல் சொன்னால் யாருக்கு என்ன லாபம்? அதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. அதற்குப் பதில், “அம்மா ஏன் சிரிக்கலன்னு எல்லாரும் கேப்பாங்க. தாலி ஏறி மூணு மணி நேரமாச்சாம், இன்னும் ஒரு வாய் சாப்பிடலையாம்” என்று மகளின் குரல் சொல்லட்டும். மண்டபமே அந்த முகத்தை மறுபடி பார்க்கும். மேடைத் தமிழ் வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சே போதும். “இல்லற வாழ்வெனும் இனிய பயணத்தில்” என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் யோசிக்காமல் அடித்துவிடுங்கள்.

இந்த வரிகளுக்கான சரக்கு ஆல்பத்தில் கிடைக்காது. அத்தையிடமும் பெரியம்மாவிடமும் படத்தைக் காட்டி, “அன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த சிக்கல், படமே இல்லாத ஆண்டுகள். அந்தக் காலத்தில் பலரும் பயன்படுத்திய சதுரப்பட கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். பெரிய விசேஷம் இருந்தால்தான் யாராவது படம் எடுப்பார்கள். கல்யாணத்துக்கும் மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடப் படத்துக்கும் நடுவே ஏழெட்டு வருடம் காலியாகக் கிடக்கும். கையில் கிடைத்த வேறு படத்தைப் போட்டு அதை ஒப்பேற்றாதீர்கள். பொருள்களைப் படம்பிடியுங்கள்: மாற்றல் உத்தரவு, இன்லண்ட் கடிதம், அம்மாவின் பால்கணக்கு நோட்டு. கடிதத்தின் மேல் குரல், “அப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தல். ரெண்டு வருஷம் குடும்பம் நடந்தது இந்த நீலத் தாள்லதான்” என்று சொன்னால் அந்த இடைவெளியே படத்தின் சிறந்த பகுதியாகிவிடும்.

இசையில் ஆண்டு தப்பக் கூடாது. அன்னக்கிளி வந்தது 1976இல். ஆகவே 1975 கல்யாணக் காட்சிக்கு இளையராஜா பொருந்த மாட்டார். அங்கே நாதஸ்வரமோ எம்.எஸ்.வி.யோ வரட்டும், முதல் குழந்தை பிறந்த பிறகு ராஜா வரலாம். பெரியவர்கள் இதைக் கவனிப்பார்கள். குரல் வரும் இடத்தில் பாடல்வரி கூடாது, வாத்திய இசை மட்டும் இருக்கட்டும். அதையும் நன்றாகத் தணித்துவிடுங்கள். ஹெட்போனில் சரியாகக் கேட்பது மண்டபத்து எதிரொலியில் கரைந்துவிடும். யூடியூபில் ஏற்றினால் சினிமாப் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வரலாம், ஒலி முடக்கப்படவும் கூடும்.

குரலைப் பதியும்போது ஃபேனை நிறுத்துங்கள். அதன் இரைச்சலைப் பிறகு நீக்கினால் குரலும் சேர்ந்து தேயும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பேசினால் எதிரொலி குறையும். பழைய ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம், ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தோடு படமெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு தணிக்கை உண்டு. தாத்தா பாட்டி, இருபக்கச் சம்பந்திகள், மருமகன்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவரும் ஒரு படத்திலாவது இருக்கிறார்களா என்று சரிபாருங்கள். விடுபட்டவர் அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார், பத்து வருடம் கழித்துச் சொல்வார். காலமானவர்களின் படத்தில் குரலையும் நிறுத்தி நாலு விநாடி விட்டுவிடுங்கள், அங்கே விளக்கம் தேவையில்லை.

முந்தின நாள் மாலையே அதே மண்டபத்தில், அதே ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். பெரியம்மா அடையாளம் சொன்ன பெயர்களை, ஆல்பத்தில் ஒட்டாத படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.