பன்னிரண்டாம் தேதி வரை பிழை தெரியாது

கல்லூரி அலுவலகம். ஒரு மாணவனின் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும். சான்றிதழில் இருப்பது 2007 மே 4. எழுத்தர் 04/05/2007 என்று தட்டி Save பொத்தானை அழுத்துகிறார். ‘changed successfully’ என்று பச்சைப் பட்டை வருகிறது. அடுத்த மாணவனுக்கு 13/05/2007 என்று போட்டால், சிவப்பில் ‘Enter a valid date.’ இவனுக்கு மட்டும் ஏன் தகராறு என்று அவர் குழம்புகிறார். உண்மையில் தகராறு முதல் மாணவனுக்குத்தான். அவன் ஏப்ரல் 5-ல் பிறந்ததாகப் பதிவாகிவிட்டது.

இந்தத் திரை ஜாங்கோ என்ற மென்பொருளின் நிர்வாகப் பக்கம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது ஜாங்கோ. மொழி அமைப்பை அமெரிக்க ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டால், சாய்கோடு போட்ட தேதியில் முதல் எண்ணை அது மாதமாகவே எடுத்துக்கொள்ளும். பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் 13 வந்தால் மறுக்கிறது; 12 வரை சத்தமில்லாமல் மாற்றிப் போட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட திரையில் வேலை செய்பவர்களுக்கு அரை நாள் பயிற்சி போதும். உண்மையான பதிவுகளில் கை வைக்காமல், நகல் தளம் ஒன்றில் நான்கு பாடங்களாக நடத்தலாம்.

1. ஆளை எண்ணால் அறிதல்

‘கார்த்திக்’ என்று தேடினால் நான்கு பேர் வருவார்கள். பதிவைத் திறந்ததும் முகவரிப் பட்டையைப் பார்க்க வேண்டும். `/admin/college/student/482/change/` என்றிருந்தால், 482 என்பதே அந்தப் பதிவின் எண். பெயர் மாறலாம், இந்த எண் மாறாது. திருத்தக் கோரும் தாளில் முதலில் இதைக் குறித்துக்கொண்ட பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும்.

2. சேமித்ததைத் திரும்பப் படித்தல்

தேதியை 2007-05-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. Save-க்குப் பதிலாக Save and continue editing அழுத்தினால் அதே பக்கம் மறுபடி திறக்கும். அங்கே தெரிவதுதான் பதிவில் உள்ளது. அதைச் சான்றிதழோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். பச்சைப் பட்டை சொல்வது ‘சேமித்தேன்’ என்பதை மட்டும். ‘சரியாக இருக்கிறது’ என்று அது சொல்வதில்லை.

3. பழைய பக்கத்தைச் சேமிக்காதிருத்தல்

காலை 10 மணிக்கு ஒருவர் பதிவு 482-ஐத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். 10.10-க்கு இன்னொருவர் அதே பதிவில் தொலைபேசி எண்ணைத் திருத்துகிறார். 10.30-க்குத் திரும்பி வந்தவர் முகவரியை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார். புதிய தொலைபேசி எண் காணாமல் போகிறது. காரணம், Save அழுத்தும்போது மாற்றிய கட்டம் மட்டுமல்ல, படிவம் முழுவதும் போகிறது. பத்து மணிக்கு ஏறிய பழைய எண்ணும் சேர்ந்தே போகிறது. History பக்கத்தில் தொலைபேசி எண்ணையும் அவரே மாற்றியதாகப் பதிவாகும். அதனால் எழுந்து போய் வந்தால், முதலில் பக்கத்தைப் புதுப்பித்துவிட்டுத் திருத்த வேண்டும்.

4. நீக்குமுன் பட்டியலைப் படித்தல்

ஒரே மாணவனுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்றை நீக்கலாம் என்று Delete அழுத்துகிறோம். உறுதி கேட்கும் பக்கத்தில், கூடவே அழியப்போகும் எல்லாமே பட்டியலாக வரும். அதில் பதினொரு கட்டண ரசீதுகள் இருந்தால், நாம் நீக்கப் பார்ப்பது தவறான பதிவு. ‘Yes, I’m sure’ அழுத்திய பிறகு மீட்கப் பொத்தான் கிடையாது. பழைய காப்புநகலைத் தேடி ஓட வேண்டியதுதான். செயலில் உள்ளவர் என்ற குறியீட்டுக் கட்டம் இருந்தால், நீக்குவதைவிட அதன் டிக்கை எடுத்துவிடுவது மேல்.

தவறு நடந்துவிட்டால் History காப்பாற்றாதா? யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று அது சொல்லும். ‘Changed Date of birth.’ அவ்வளவுதான். முன்பு என்ன தேதி இருந்தது என்பது, நிரலர் தனியாக ஏற்பாடு செய்திருந்தாலொழிய, அதில் இருக்காது. ஒரே கடவுச்சொல்லை நாலு பேர் பகிர்ந்தால் ‘யார்’ என்பதும் பொய்யாகிவிடும். எனவே மேசையில் ஒரு பதிவேடு வேண்டும்: தேதி, பதிவு எண், கட்டத்தின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பார்த்த சான்று, சுருக்கொப்பம். பழைய மதிப்பைச் சேமிக்குமுன்பே எழுதிவிட வேண்டும். சேமித்த பிறகு அதைத் திரையில் தேடிப் பயனில்லை.

பயிற்சியின் முடிவில் ஒரே ஒரு தேர்வு. நகல் தளத்தில் எல்லோரும் 04/05/2007 என்று போட்டுச் சேமித்துவிட்டு, மறுபடி திறந்த பக்கத்தில் இருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். 2007-04-05 என்று படித்து, ‘இது ஏப்ரல் ஆயிற்றே!’ என்பவர் தேறியவர்.