நூற்றுக்குப் பத்து: உண்மை வட்டி எவ்வளவு?

வாரந்தோறும் வாசலுக்கு வந்து தவணை வாங்கிச் செல்லும் கடன், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையோரச் சிற்றூர்களில் வாழும் நம்மவர்க்குப் புதியதன்று. ‘நூற்றுக்குப் பத்தே ரூபாய்’ என்று கேட்கும்போது, அது வங்கி வட்டியைப் போலவே நமக்குத் தோன்றுகிறது. உண்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

1,000 ரூபாய்க் கடனில் 100 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 900 ரூபாயைக் கையில் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 100 ரூபாயாகப் பத்து வாரம் திருப்பித் தரவேண்டும். இங்கே இரண்டு செய்திகள் மறைந்து கிடக்கின்றன. முதலாவது, அந்த 100 ரூபாய் பத்து வாரத்துக்கான கட்டணமேயன்றி ஓராண்டுக்கானதன்று. இரண்டாவது, 900 ரூபாயும் பத்து வாரமும் நம்மிடம் தங்குவதில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஏறக்குறைய 90 ரூபாய் அசல் கழிகிறது. ஆகவே சராசரியாக நம்மிடம் நின்ற அசல் 495 ரூபாய்தான்.

495 ரூபாய்க்கு 100 ரூபாய் என்றால், பத்து வாரத்துக்கு நூற்றுக்கு 20 ஆகிறது. ஓராண்டின் 52 வாரங்களுக்கு அது நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. வாரந்தோறும் நின்ற பாக்கிக்கு வட்டியிட்டுத் துல்லியமாகப் பார்த்தால், ஆண்டு வட்டி 102 விழுக்காடு.

நுண்கடன் வழங்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைத் தாளில் எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதி. அத்தகைய தாள் கிட்டாத இடத்தில் மூன்று கேள்விகளை நாமே கேட்போம். கையில் வருவது எவ்வளவு? திருப்புவது எவ்வளவு? எத்தனை வாரம்? கையில் வந்த தொகையின் பாதிக்குச் சற்றே மேற்பட்டதையே அசலாகக் கொண்டு, மிகுதியாகக் கொடுக்கும் பணத்தை அதனோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கிவிடும்.