கோடி, தேதி, பெயர்: அறிக்கையைச் சுருக்கும்போது கவனிக்க வேண்டியவை

2024 பிப்ரவரி 13-ஆம் தேதி, அமெரிக்காவின் வாடகைக் கார் நிறுவனமான லிஃப்ட் தன் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. அந்த ஆண்டில் தன் லாப விகிதம் 500 அடிப்படைப் புள்ளிகள் கூடும் என்று அறிக்கை சொன்னது. நூறு அடிப்படைப் புள்ளிகள் ஒரு சதவீதப் புள்ளி என்பதால் இது ஐந்து சதவீதப் புள்ளி உயர்வு. சந்தை நேரம் முடிந்த பிறகு நடக்கும் வர்த்தகத்தில் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் எகிறியது. உண்மையான எண் 50. ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருந்தது. அன்று மாலையே நிறுவனத்தின் நிதித் தலைமை அதிகாரி அதைத் திருத்தினார், பங்கும் இறங்கியது.

இப்படி எண்ணே மாறிப்போவது அபூர்வம், கண்டுபிடிப்பதும் எளிது. அறிக்கையைச் சுருக்கும்போது நடக்கும் பிழை வேறு மாதிரி. எண் சரியாகவே இருக்கும். அதனோடு ஒட்டியிருந்த ஒரு சொல் போயிருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு துணைகள் உண்டு. எந்த அலகில், எந்தக் காலத்துக்கு, எதோடு ஒப்பிட்டு, யாருடைய கணக்கு என்பவை அவை. இடம் போதவில்லை என்றதும் நம் கை முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

ஒரு நூற்பாலையின் காலாண்டு அறிக்கையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது:

“2025 செப்டம்பர் 30-இல் முடிந்த காலாண்டில், துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த வருவாய் ரூ.412.6 கோடி. முந்தைய ஆண்டு இதே காலாண்டில் அது ரூ.381.4 கோடி, கடந்த ஜூன் காலாண்டில் ரூ.429.8 கோடி. வரி போக நிகர லாபம் ரூ.12.1 கோடியிலிருந்து ரூ.18.3 கோடியாக உயர்ந்தது. இதில் நிலம் விற்றதால் ஒருமுறை மட்டும் கிடைத்த ரூ.7.4 கோடியும் அடங்கும். தணிக்கை செய்யப்படாத இந்தக் கணக்குகளுக்கு இயக்குநர் குழு நவம்பர் 12-இல் ஒப்புதல் அளித்தது. பங்கு ஒன்றுக்கு ரூ.1.50 இடைக்கால டிவிடெண்ட் அறிவிக்கப்பட்டது. அதற்கான ரெக்கார்டு தேதி நவம்பர் 21; தொகை டிசம்பர் 8-க்குள் வழங்கப்படும்.”

இதை அவசரமாகச் சுருக்கினால் பெரும்பாலும் இப்படி வரும்: “செப்டம்பர் காலாண்டில் வருவாய் 8.2 சதவீதம் உயர்ந்து ரூ.412.6 கோடியானது. நிகர லாபம் 51 சதவீதம் அதிகரித்தது. நவம்பர் 21-இல் டிவிடெண்ட் வழங்கப்படும்.”

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 8.2-ம் சரி, 51-ம் சரி. ஆனாலும் படிப்பவருக்குக் கிடைக்கும் சித்திரம் தவறானது. முதலில் லாபத்தைப் பாருங்கள். நிலம் விற்ற பணத்தைக் கழித்தால் லாபம் 10.9 கோடிதான். போன ஆண்டின் 12.1 கோடியோடு ஒப்பிட்டால் ஆலைத் தொழிலில் லாபம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்திருக்கிறது. ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கியதால் இறக்கம் ஏற்றமாக மாறிவிட்டது. “இதில் அடங்கும்”, “இது தவிர”, “ஒருமுறை மட்டும்” என்று வரும் வாக்கியங்கள் முன் வாக்கியத்தின் எண்ணைத் திருத்துபவை. அந்த எண்ணை வைத்துக்கொண்டால் இவையும் இருந்தாக வேண்டும்.

அடுத்தது தேதி. நவம்பர் 21 என்பது டிவிடெண்ட் யார் யாருக்கு என்று பங்குதாரர் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யும் நாள். பணம் வருவது டிசம்பர் 8-க்குள். அந்த ஒரு பத்தியிலேயே காலாண்டு முடிந்த நாள், ஒப்புதல் நாள், ரெக்கார்டு தேதி, பணம் தரும் கெடு என நான்கு தேதிகள் இருக்கின்றன. இரண்டு வாக்கியங்களை ஒன்றாகக் கோக்கும்போது ஒரு தேதி பக்கத்து வினைச்சொல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எனவே தேதியை அதன் வினைச்சொல்லோடு சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். “இந்த ஆண்டு” என்று எழுதுவதும் கூடாது. இந்திய நிறுவனங்களின் நிதியாண்டு பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், ஜனவரியில் படிப்பவருக்கு அது எந்த ஆண்டு என்று குழப்பம் வரும். 2025-26 என்று எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் என்றொரு நிறுவனம் உண்டு, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் என்று இன்னொன்றும் உண்டு. தமிழில் முதல் சொல் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்தில் முதலாவது Sundaram, இரண்டாவது Sundram. இரண்டும் வெவ்வேறு தொழில் செய்யும் வெவ்வேறு நிறுவனங்கள். “சுந்தரம்” என்று மட்டும் சுருக்கினால் யாருடைய லாபம் என்பதே மாறிவிடும். முதல் முறை முழுப் பெயர் வர வேண்டும். தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கா, துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்பதும் பெயரின் ஒரு பகுதிதான். ஒரே அறிக்கையில் இரண்டும் இருக்கும். வருவாயை ஒன்றிலும் லாபத்தை மற்றதிலும் எடுத்தால் இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

அலகு ஒளிந்திருக்கும் இடம் அட்டவணையின் மேல் மூலை. அங்கே “ரூ. லட்சத்தில்” என்று இருந்தால், உள்ளே இருக்கும் 41,260 என்பது 412.6 கோடி, மில்லியனில் எழுதினால் 4,126. சதவீதமும் சதவீதப் புள்ளியும் அப்படித்தான் குழம்பும். நம் ஆலையில் வருவாய்க்கு லாப விகிதம் 3.2 சதவீதத்திலிருந்து 4.4 ஆகியிருக்கிறது. “1.2 சதவீதம் உயர்வு” என்றால் இரண்டு தவறு. முதலாவது, அது சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் உயர்வு ஏறத்தாழ 40. இரண்டாவது, முழுமையாக்கிய எண்களைக் கழித்ததால்தான் 1.2 வருகிறது. மூல எண்களிலிருந்து கணக்கிட்டால் 1.3. கழிப்பதை முதலிலும் முழுமையாக்குவதைக் கடைசியிலும் செய்ய வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் வெட்டுவது? எண்ணின் துணைகளை வெட்டாமல், தேவைப்படாத எண்ணை அதன் துணைகளோடு முழுசாக நீக்குவதே வழி. ஜூன் காலாண்டு ஒப்பீடு, ஒப்புதல் நாள், பணம் தரும் கெடு மூன்றையும் விட்டால் இடம் கிடைத்துவிடும்:

“2025 செப்டம்பர் காலாண்டில் ஆலையின் ஒருங்கிணைந்த வருவாய் ரூ.412.6 கோடி, ஓராண்டுக்கு முந்தைய இதே காலாண்டைவிட 8.2 சதவீதம் அதிகம். நிகர லாபம் ரூ.18.3 கோடி (முன்பு 12.1); இதில் ரூ.7.4 கோடி நிலம் விற்றதால் ஒருமுறை வந்தது. பங்குக்கு ரூ.1.50 இடைக்கால டிவிடெண்ட். ரெக்கார்டு தேதி நவம்பர் 21. கணக்குகள் தணிக்கை செய்யப்படாதவை.”

முடித்த பிறகு சரிபார்ப்பதைச் சுருக்கத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். மேலிருந்து படித்தால் வாக்கியத்தின் ஓட்டம் நம்மை இழுத்துப் போய்விடும். ஒவ்வோர் எண், தேதி, பெயராக மூலத்தில் தேடி, அங்கே பென்சிலால் கோடிடுங்கள். மூலத்தில் இல்லாமல் நீங்களே கணக்கிட்ட 8.2 போன்றவற்றை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பிறகு மூலத்தில் கோடிட்ட இடங்களின் முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைப் படியுங்கள். திருத்தும் வாக்கியம் விடுபட்டிருந்தால் அங்கேதான் தெரியும். இவ்வளவு செய்த பிறகும் சொல்ல வேண்டியது கொடுத்த இடத்தில் அடங்கவில்லை என்றால், பாதி விவரத்தோடு ஓர் எண்ணை அச்சேற்றாதீர்கள். இன்னும் ஒரு வரி இடம் கேளுங்கள்.