பச்சைக்குள் மறைந்த பச்சை மிளகு

வீடியோவின் பின்னணியை மாற்றப் பச்சைத் துணியைச் சுவரில் கட்டியது போன வாரக் கதை, திரும்பச் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் வெளிச்சத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் மட்டாஞ்சேரியில் மிளகு குறுக்கே வந்துவிட்டது.

ஜூ டவுன் பக்கம், ஒரு மிளகுக் கிடங்கு. கொடியிலிருந்து கோணி வரை மிளகு வரும் வழியைச் சொல்லும் இரண்டு நிமிட வீடியோ. பேசுபவர் கடைக்கார அம்மா ஒருவரே, பின்னால் தோட்டம், காயவைக்கும் களம், கிடங்கு என்று காட்சி மட்டும் மாற வேண்டும். அவர் பறித்த பச்சை மிளகுச் சரத்தைத் தூக்கிப் பிடித்தார். கணினியில் பார்த்தால் சரத்தில் அங்கங்கே ஓட்டை, அதன் வழியே பின்னணித் தோட்டம் தெரிகிறது. "என்ன சார், கை இருக்கு, மிளகைக் காணோம்?" என்றார்.

காரணம் எளிது: மென்பொருளுக்குத் துணி எது, காய் எது என்று தெரியாது, நிறத்தை மட்டும் பார்த்து வெட்டும். ஓபிஎஸ்ஸில் Similarity அளவு இயல்பாக 400-இல் இருக்கும். அதைக் குறைத்தால் மிளகு திரும்பிவரும், கூடவே துணியின் சுருக்க நிழல்களும் அழுக்குத் திட்டுகளாக வந்து நிற்கும். (துணியை நன்றாகத் தேய்ப்பது பாதி வேலை. ஃபோர்ட் கொச்சி வேளியில் தமிழர்களின் சலவைக்கூடம் இருக்கும் ஊரில் அதற்குக் குறையா?)

அப்படியானால் எல்லோரும் பச்சையையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். கேமராவின் உணர்சில்லில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. நான்கு புள்ளிகளை ஒரு சதுரமாக எடுத்தால் அதில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் வகுத்த இந்த அடுக்குக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. வெளிச்ச வேறுபாட்டை நம் கண் பச்சையில்தான் அதிகம் உணர்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஆகவே கைபேசிக்குப் பச்சையைப் பற்றித்தான் அதிகம் தெரியும். தலைமுடியின் ஓரம் சுத்தமாக வெட்டுப்படும். நீலத்துக்கு ஒரே புள்ளி, அதிலும் புள்ளிப்புள்ளியாய் இரைச்சல். ஃபிலிம் காலத்தில் நீலத்திரைதான் ராஜா. டிஜிட்டல் வந்ததும் பச்சை முந்திக்கொண்டது.

மிளகுக்காக நீலத் துணிக்கு மாறினோம். மங்கலான கிடங்கில் ஓரங்கள் நடுங்கின. துணிக்கென்று தனியாக ஒரு விளக்கு வைத்த பிறகே நடுக்கம் அடங்கியது. அந்த அம்மா துணியிலிருந்து ஆறடி தள்ளி நின்றார். ஒட்டி நின்றால் அவருடைய சந்தன நிற முண்டில் நீலச் சாயல் ஏறும்.

கிடங்குக் காட்சிக்குத் திரையே வேண்டாம் என்றேன். பின்னால் நாலு கோணி மூட்டை அடுக்கினாலே போதும், எந்த மென்பொருளும் அவ்வளவு நம்பும்படி கிடங்கைக் கொண்டுவராது. களம், தோட்டம் இரண்டுக்கு மட்டும் துணி. அந்தப் பின்னணிப் படங்களையும் பேசுபவரின் மார்பு உயரத்தில் கைபேசியை வைத்தே எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் மிதப்பார். வெயில் இடமிருந்து விழும் படத்துக்கு விளக்கும் இடப்பக்கமே இருக்க வேண்டும். அந்த விளக்கு எங்கே, எவ்வளவு தூரத்தில்? அது அடுத்த வாரம்.