வணக்கம் காணாமல் போன மின்னஞ்சல்

புக்கிட் பாஞ்சாங்கில் இயங்கும் ஒரு சிறிய ஏர்கான் சர்வீஸ் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் வாடிக்கையாளரான ஓர் அலுவலக நிர்வாகி எப்போதும் பெயர் சொல்லி விளித்து, நன்றி சொல்லி முடிப்பவர். ஒரு நாள் அவரிடமிருந்து ஆங்கிலத்தில் வருவது இவ்வளவுதான்: "இன்வாய்ஸ் ஸ்டில் ராங் அமௌண்ட். குவோட் 1080. ப்ளீஸ் ரிவர்ட் டுடே."

கோபமா, அவசரமா?

எழுத்தில் குரல் இல்லை. ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ஒரு வாக்கியம் கேலியா, நிஜமா என்று வாசிப்பவர் சொல்ல வேண்டும். 78 விழுக்காடு சரியாகச் சொல்வார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். குரலில் கேட்டவர்களோ 73 விழுக்காடு எட்டினார்கள். எழுதும்போது நம் தொனி நம் காதில் ஒலிக்கிறது. அது மற்றவருக்கும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே ஒரு மடலைத் தனியாக எடுத்துப் படிப்பதில் பயனில்லை. அதே ஆளின் பழைய மடல்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். எப்போதும் சுருக்கமாக எழுதுபவரின் ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. இந்த நிர்வாகியிடம் வணக்கம் விடுபட்டிருக்கிறது. அது கைப்பேசி அவசரமாக இருக்கலாம். ஆனால் "ஸ்டில்" என்ற சொல், முன்பே சொல்லியும் நடக்கவில்லை என்கிறது. நகல் வரிசையில் அவருடைய மேலாளரும் புதிதாகச் சேர்ந்திருந்தால், எரிச்சல் ஏறக்குறைய உறுதி.

சரி, எந்த நடையில் பதில் எழுதுவது? பேசுபவர்கள் ஒருவர் நடைக்கு ஒருவர் இசைந்து போவதை 1970-களிலிருந்து ஹோவர்ட் ஜைல்ஸ் விளக்கி வந்தார். இசைவு நெருக்கம் தரும். மிஞ்சினால் பரிகாசமாகத் தெரியும். அதனால் நிர்வாகியின் மடல் நீளத்தையும் வேகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அரைகுறை வாக்கியங்களையோ, அகராதி "திரும்பிப் போ" என்று பொருள் சொல்லும் "ரிவர்ட்"டையோ எடுக்க வேண்டியதில்லை. அவருடைய எண் பிழையை எடுக்கவே கூடாது. 1,000 வெள்ளிக்கு 8 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 1,080. அது 2023-இன் விகிதம். 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. பில்லில் உள்ள 1,090-தான் சரி.

பதில் இப்படி இருக்கலாம்: "வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். சர்வீஸ் கட்டணம் 1,000 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி 90 வெள்ளி, மொத்தம் 1,090. பழைய விகிதத்தில் இது 1,080 ஆக இருந்தது. கணக்கை இணைத்திருக்கிறேன். நன்றி." விளிப்பு சிறியது, ஆனால் உண்டு. "நீங்கள் தவறு" என்ற சொல் எங்கும் இல்லை. மேலாளர் முன்னால் அவர் தலைகுனியவும் நேராது.

இதற்கும் சூடான பதில் வந்தால் மூன்றாவது மடல் எழுதாதீர்கள். தொலைபேசியை எடுங்கள்.