சட்டகத்துக்கு வெளியே

போன வருடம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் திருச்சியிலிருந்து என் சித்தி மகள் ஃபோன் செய்தாள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வுக்கு ராப்பகலாகப் படித்துக்கொண்டிருந்தவள். அந்த நேரத்தில் அழைப்பு வந்ததும் பதறிப்போய் எடுத்தேன். "அக்கா, இவருக்கு என் மேல பிரியம் இருக்கான்னே தெரியலக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

கல்யாணமாகி நான்கு வருடம். சண்டையா என்று கேட்டேன், இல்லை. ஏதாவது சொல்லிவிட்டாரா என்றேன், அதுவும் இல்லை. அன்று அவளுக்குப் பிறந்தநாள். கணவர் காலையில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், சாயங்காலம் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவளுடைய கல்லூரித் தோழிக்கும் அதே வாரம்தான் பிறந்தநாள். அந்தத் தோழியின் ரீலை இவள் அன்று எத்தனை முறை பார்த்தாளோ தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணைக் கட்டி மொட்டைமாடிக்கு அழைத்துப்போகிறார் கணவர். கட்டை அவிழ்த்தால் வரிசையாக மெழுகுவர்த்தி, பலூன், கேக், கழுத்தில் போட ஒரு சங்கிலி. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், அவர் அணைத்துக்கொள்கிறார். கீழே #couplegoals என்று போட்டிருந்தது.

அந்த ரீல் எடுத்தபோது நான் அங்கே இல்லை. ஆனால் அதே மாதிரி ஒன்று எடுக்கப்படுவதைச் சென்னையில் எங்கள் குடியிருப்பில் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மாடியில் முதலில் கொடியில் காய்ந்த துணிகளை அகற்றினார்கள். தண்ணீர் டிரம் இரண்டை மூலைக்குத் தள்ளினார்கள். மாமியார் காற்று வாங்க உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி, மருந்து டப்பா, குழந்தையின் சைக்கிள் எல்லாம் படிக்கட்டுக்குப் போயின. ரிங் லைட் வந்தது, டிரைபாட் வந்தது. முதல் தடவை கண்கட்டை அவிழ்த்தபோது அந்தப் பெண் நிஜமாகவே திகைத்துப்போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு கணவரின் தோளில் சாய்ந்துவிட்டாள். முகம் கேமராவில் விழவில்லை. அதனால் மறுபடி கட்டினார்கள். இரண்டாவது தடவை காற்றில் மெழுகுவர்த்தி அணைந்தது. மூன்றாவது தடவை எடுத்ததைத்தான் நாம் பார்த்தோம். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அன்பு உண்மை, அந்தச் செலவும் உண்மை. ஆனால் அந்த அன்பு தன்னை மறந்து வெளிப்பட்ட கணம் முதல் தடவையில் இருந்தது. கேமராவுக்கு முதுகு காட்டியதால் அது நீக்கப்பட்டது.

காதல் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடம் சில வருடங்களாக இதுதான். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. அப்போது ஒரு ரீலின் நீளம் 15 வினாடி. பிறகு நீளத்தைக் கூட்டினார்கள், ஆனால் அந்தப் பதினைந்து வினாடியின் இலக்கணம் அப்படியே நின்றுவிட்டது. முதல் இரண்டு வினாடியில் ஓர் எதிர்பார்ப்பு, கடைசியில் ஒரு திகைப்பு. அந்த நேரத்துக்குள் அடங்குகிற காதல் எது? பரிசு அடங்கும், பயணம் அடங்கும், மண்டியிட்டு மோதிரம் நீட்டுவது அடங்கும். மூன்று மாதம் பேசாமல் பொறுத்துக்கொண்டது அடங்காது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நாம் ஒரு ரீலுக்கு லைக் போட்டோமா என்பதை மட்டும் அந்தச் செயலி பார்ப்பதில்லை, அதில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும் பார்க்கிறது. ஏக்கத்தோடு நிற்பவருக்கும் ரசித்து நிற்பவருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. என் தங்கை வயிற்றெரிச்சலோடு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், மறுநாள் அதே போல் பத்து வந்தன. நான்கு நாளில், உலகத்தில் எல்லாக் கணவர்களும் மாடியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், தன் வீட்டுக்காரரைத் தவிர, என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவற்றில் சில விளம்பரம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. காசு வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று 2021-லேயே இந்திய விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் Paid partnership என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சங்கிலியோடு வந்த இரண்டு ரீல்களில் இருந்தது.

சரி, காசுக்காக இல்லாமல் போடுகிறவர்கள்? அவர்கள் உள்ளுக்குள் சந்தோஷமாக இல்லாததால்தான் போடுகிறார்கள் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 2014-ல் லிடியா எமரி என்ற உளவியல் ஆய்வாளர் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வில், துணையின் அன்பைப் பற்றிச் சந்தேகம் அதிகம் இருந்த நாட்களில் மக்கள் தங்கள் உறவை ஃபேஸ்புக்கில் கூடுதலாகக் காட்டினார்கள் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த வேறொரு ஆய்வு, உறவில் நிறைவாக இருந்த நாட்களிலும் மக்கள் அதைப் பற்றிப் பகிர்வது கூடுகிறது என்று காட்டியது. இரண்டும் சேர்ந்து ஒன்றைத்தான் சொல்கின்றன: பதிவை வெளியே இருந்து பார்த்து உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது. பொங்கிவழியும் அன்பும் பயமும் ஒரே மாதிரிதான் படத்தில் தெரியும். ஆகவே அந்தத் தோழியின் குடும்பத்தைத் துருவுவதில் எனக்கு ஆர்வமில்லை. பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் கவலை.

அந்த வாரக் கடைசியில் திருச்சிக்குப் போனேன். அவள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவள் மாமியாரோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பேச்சுக் கொடுத்தேன். "அவன் ஆபீஸ்ல சொல்லி ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டான்மா. என்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு அவனே கூட்டிட்டுப் போறான். போன மாசம் எனக்கு மயக்கம் வந்தது அவளுக்குத் தெரியாது. பரீட்சை முடியட்டும், இப்பச் சொல்லாதீங்கன்னுட்டான்" என்றார். அவளுடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை வரச்சொல்லி வந்த நெருக்கடியையும் அவரே ஃபோனில் பேசிச் சமாளித்திருக்கிறார். சொந்தக்காரர்கள் கோபம் அவர் தலையில் விழுந்தது. இதில் ஒன்றுகூட அவள் காதுக்குப் போகவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு நியால் போல்ஜர் நினைவுக்கு வந்தார். அவரும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கில் வழக்கறிஞர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் பற்றியது. இருவரும் தனித்தனியாக ஒரு மாதம் போல தினமும் குறிப்பு எழுதினார்கள். இன்று எனக்கு ஆதரவு கிடைத்ததா என்று தேர்வு எழுதுபவர் குறித்தார், இன்று நான் ஆதரவு கொடுத்தேனா என்று துணைவர் குறித்தார். இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. ஆதரவு கிடைத்ததாகப் பெற்றவர் உணர்ந்த நாட்களில் மனச்சோர்வு குறையவில்லை, கூடவும் செய்தது. கொடுத்ததாகத் துணைவர் எழுதி, பெற்றதாக மற்றவர் எழுதாத நாட்களில்தான் மனம் தேறியிருந்தது. யாரோ தாங்கிப்பிடிக்கிறார்கள் என்று தெரிந்தாலே, நம்மால் முடியாமல்தான் பிடிக்கிறார்களோ என்ற எண்ணமும் கூட வந்துவிடுகிறது. தெரியாமல் தாங்கினால் பாரம் மட்டும் குறைகிறது.

கேமராவுக்கும் காதலுக்கும் இருக்கும் அடிப்படைப் பிணக்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெறுகிறவர் கண்ணில்கூடப் படாத ஒன்றை மூன்றாம் மனிதருக்குப் படம் பிடித்துக் காட்டுவது எப்படி? மாமியாரின் மயக்கத்தைச் சொல்லாமல் மறைத்த ஒரு மாதத்துக்கு ரீல் கிடையாது. அவர் அதைப் படமாக்கிப் போட்டிருந்தால் அவளுடைய படிப்பு அன்றே கலைந்திருக்கும். காட்டினால் கெட்டுப்போகிற அன்பு நம் திரையில் ஒருபோதும் வராது. காட்டக்கூடியது மட்டுமே வந்துகொண்டிருந்தால், அதுதான் முழு அன்பு என்று பார்க்கிறவர் நம்புவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, சொல்லாத அன்பே உயர்ந்தது, பெண்டாட்டி எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. போல்ஜரின் ஆய்வு நெருக்கடி நாட்களைப் பற்றியது. ஒரு பாராட்டு, ஒரு நல்ல வார்த்தை வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். அதைவிட முக்கியம், பெரும்பாலான வீடுகளில் கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பது மனைவிதான். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளியையும் ரீல் திரித்துத்தான் காட்டுகிறது. கணவர் ஒருநாள் தோசை சுட்டுக்கொடுத்தால் அது ரீல் ஆகும், பின்னணி இசை போட்டு இதயச் சின்னம் பறக்கும். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் அவள் சுட்ட தோசைக்கு எந்தப் பாட்டும் இல்லை. எதிர்பாராமல் நடப்பதைத்தான் ரீல் கொண்டாடும். தினமும் நடப்பது எவ்வளவு பெரிதானாலும் அதற்கு அங்கே இடமில்லை. இப்படி வளரும் ஆண்பிள்ளை, வருடத்துக்கு ஒரு நாள் மாடியில் மெழுகுவர்த்தி ஏற்றினால் தன் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வான். அவன் மேலும் இது சுமத்தும் பாரம் சின்னதல்ல. மாதத் தவணை கட்டிக்கொண்டு சங்கிலிக்கும் கடன் வாங்குகிறான்.

அன்று சாயங்காலம் அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் சொன்னதைப் போட்டு உடைத்தால், அவர் ஒரு மாதமாகக் காத்துவந்ததை நான் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுவேன். அதனால் ரீல் எடுத்த கதையை மட்டும் சொன்னேன், கொடித்துணி, தண்ணீர் டிரம், மூன்று தடவை கட்டிய கண். சிரித்தாள். பிறகு ஃபோனை எடுத்து, ஒரு ரீல் மேல் விரலை அழுத்திப் பிடித்து Not interested என்பதைத் தொட்டாள். கொஞ்ச நாள் அது மாதிரி வருவது குறையும், நாம் மறுபடி நின்று பார்த்தால் திரும்ப வரும் என்றேன். "வரட்டும்க்கா, பாத்துக்கலாம்" என்றாள். ஆனாலும் அவள் முகம் முழுதாகத் தெளியவில்லை.

அப்போது தெருவில் கேஸ் வண்டி வந்து நின்றது. கேட்டைத் திறக்கும் சத்தமும், கீழே ஓடிப்போன அவள் வீட்டுக்காரரின் அடங்கிய குரலும் ஜன்னல் வழியாக மேலே வந்தன.

"அண்ணே, பெல் அடிக்காதீங்க, சிலிண்டர நானே தூக்கிட்டுப் போறேன். வீட்ல படிச்சிட்டிருக்காங்க."

அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினாள்.