முதல் நிமிடத்தைத் தாண்டினால் போதும்

நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவரை, எந்த ஆபத்தும் இல்லாமல், ஆய்வகத்தில் வைத்தே பதறச் செய்ய வேண்டும். அதற்கு என்ன வழி? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் ஒரு வழியை எழுதி வைத்தார்கள். முன்பின் தெரியாத ஒரு குழுவின் எதிரில் நிறுத்தி, வேலைக்கு விண்ணப்பித்தவரைப் போல 5 நிமிடம் தன்னைப் பற்றிப் பேசச் சொல்ல வேண்டும். அடுத்த 5 நிமிடம் 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். இவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு இதயத்துடிப்பு எகிறி, கார்டிசால் என்ற ஹார்மோன் கூடிவிடும். மன அழுத்தத்தை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் இந்தச் சோதனையைத்தான் கையாள்கிறார்கள். முதல் ப்ரசென்டேஷனுக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் புரள்கிறவர், உடம்பு செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேசும்போது இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தவர்கள் இன்னொன்றையும் கவனித்திருக்கிறார்கள். துடிப்பு, பேரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, பேச்சின் முதல் நிமிடத்தில் உச்சிக்குப் போகிறது. பிறகு பேசப் பேச இறங்குகிறது. அதாவது பத்து நிமிடப் பேச்சில் நிஜமான கண்டம் என்பது கூப்பிடுவதற்கு முந்தைய சில நிமிடங்களும் முதல் நிமிடமும்தான். மூச்சுப்பயிற்சியோ முன்தயாரிப்போ, எதுவானாலும் அந்த நேரத்துக்கு உதவுகிறதா என்று பார்த்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களில், கிரைண்டிங் லைனில் ரிஜெக்ட் ஆகும் பிஸ்டன் பின்கள் பற்றி மாதாந்தர ரிவியூவில் 10 நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கேட்கப்போவது பிளான்ட் மேனேஜரும் பிரிவுத் தலைவர்களும். அவர் செய்த முதல் வேலை, நம்மில் பலரும் செய்வதுதான்: முழுப்பேச்சையும் எழுதி, வரி பிசகாமல் மனப்பாடம் செய்யத் தொடங்கினார். ஆரம்பமே “குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்” என்று இருந்தது. நம் பள்ளிக்கூடங்கள் இந்த வரியைப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுக்கின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் மூச்சு. “ஆழமா மூச்சை இழுத்து விடு” என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அறிவுரையில் பாதிதான் சரி. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று நெருக்கமாகவும், விடும்போது சற்று இடைவெளி விட்டும் வருவதைப் பலரும் விரலிலேயே உணரலாம். இளவயதினருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூச்சை விடும் நேரத்தில்தான் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆகவே நாம் நீட்ட வேண்டியது வெளிமூச்சை.

செய்முறை எளிது. உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும். எண்ணுவது வினாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வயிற்றில் வைத்த கை அசைய வேண்டும், தோள் ஏறக் கூடாது. தோள் ஏறினால் மூச்சு மேல்நெஞ்சோடு நிற்கிறது என்று அர்த்தம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

அந்தப் பெண் முதல் நாள் செய்துவிட்டு, “தலை கிர்ருன்னு சுத்துதுண்ணா, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது” என்றார். மூச்சை நிறைய நிறைய இழுத்து வேகமாக விட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலைசுற்றல், விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பு எல்லாம் அதனால் வருபவை. பயத்தைக் குறைக்கப் போய் பயத்தின் அறிகுறிகளையே வரவழைத்துக்கொள்வது இது. அதற்கு மாற்று, மூச்சின் அளவைக் குறைப்பதுதான். சாதாரணமாக இழுப்பதைவிட ஒரு துளி கூடுதலாக இழுத்தால் போதும். நேரம் மட்டும் நீளட்டும். அவர் அப்படி மாற்றிக்கொண்ட பிறகு சுற்றல் நின்றுவிட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்றைக்குக் காலையில் முதன்முதலாக இதைச் செய்து பார்ப்பதில் பெரிய பயன் இருக்காது. பத்து நாள் முன்பிருந்தே தினமும் செய்து உடம்புக்குப் பழக்கியிருந்தால்தான் பதற்றத்தின் நடுவே அது கைகொடுக்கும்.

கூப்பிடுவதற்குச் சற்று முன் செய்வதற்கு இன்னொரு மூச்சு உண்டு. மூக்கு வழியாக ஒருமுறை இழுத்து, விடாமலே மேலும் ஒரு சின்ன இழுப்பு. பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. அழுது ஓய்ந்த குழந்தை விடுகிற பெருமூச்சு இதே மாதிரிதான் இருக்கும். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இதை ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் செய்தவர்களைத் தியானம் செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மனநிலை கூடுதலாக மேம்பட்டது பெருமூச்சுக்காரர்களுக்குத்தான். மேடை ஏறும் தருணத்தில் சோதித்த ஆய்வு அல்ல அது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று முறை செய்துவிடலாம்.

இனி தயாரிப்பு. முழுப்பேச்சையும் மனப்பாடம் செய்தவருக்கு ஒரு வார்த்தை நழுவினால் அதைத் தொட்டு வரும் அத்தனையும் நழுவும். எதையும் மனப்பாடம் செய்யாதவருக்கோ, துடிப்பு உச்சியில் இருக்கும் முதல் நிமிடத்தில் வாக்கியத்தை யோசித்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்த நிமிடத்தில் மூளைக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஆகவே முதல் நான்கைந்து வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பாடம் செய்துகொள்ளலாம். நடுப்பகுதிக்கு ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு கேள்வியை நினைவில் வைத்தால் போதும். நான்காவது ஸ்லைடு என்றால் “மதியம் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?” என்கிற மாதிரி. கேள்வி தெரிந்தால், விஷயம் தெரிந்தவருக்கு வாக்கியம் தானே வரும்.

அவருடைய “குட் மார்னிங்” வரி ஒரு வணக்கமாகச் சுருங்கியது. அடுத்து வந்த முதல் வாக்கியம் இது: “போன மாசம் ரிஜெக்ட் ஆன பின்கள்ல பாதிக்கு மேல, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற முதல் அரை மணி நேரத்துல ஓடினது.” இதில் பேசுகிறவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. கேட்கிறவர்களின் கவனம் உடனே மெஷின் பக்கம் போய்விடும், அவர் முகத்தில் நிற்காது.

ஒத்திகை வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்துச் செய்வதுதான் கணக்கு. மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாமே சரளமாகத்தான் வரும். நாக்கு தடுக்கும் இடம் சத்தமாகச் சொன்னால்தான் தெரியும். அவர் முதலில் சுவரைப் பார்த்துச் சொன்னார், பிறகு போனில் பதிவு செய்து கேட்டார், பிறகு விடுதி அறைத் தோழிகள் இருவர் முன், கடைசியாக ஷிஃப்ட் முடிந்து காலியாக இருந்த அதே மீட்டிங் அறையில். ஆட்களையும் இடத்தையும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது முக்கியம். பதிவைக் கேட்டபோது ஒரு குறை பிடிபட்டது. வாக்கியத்தின் கடைசிச் சொற்களில் குரல் நடுங்கியது. மூச்சு தீர்ந்த பிறகும் பேசிக்கொண்டே போவதால் வருகிற நடுக்கம் அது. வாக்கியத்தைச் சின்னதாக்கி, முடிந்ததும் வாயை மூடி மூக்கால் மூச்செடுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியபோது குரல் நிமிர்ந்தது.

கை நடுங்குவதைப் பற்றி ஒரு சிறு விஷயம். மெல்லிய ஏ4 தாளைக் கையில் பிடித்தால் சின்ன நடுக்கமும் தாளின் நுனியில் பெரிதாகத் தெரியும். லேசர் பாயின்டர் அதைவிட மோசம், திரையில் சிவப்புப் புள்ளி கூத்தாடும். குறிப்புகளைத் தடித்த அட்டையில் எழுதிக்கொண்டு, பாயின்டரை மேசையிலேயே விட்டுவிடலாம்.

நம் நடுக்கம் ஊருக்கே தெரிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் கேட்பவர்களுக்கு அது நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே தெரிகிறது. உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்கள். பேசப்போகிறவர்கள் சிலரிடம் இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். “எனக்குக் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது, மன்னிக்கவும்” என்று தொடங்கும் வழக்கத்தை நான் வேண்டாம் என்பது இதனால்தான். அதுவரை கவனிக்காதவரையும் அது கவனிக்க வைக்கும்.

மேடை ஏறுமுன் கையை இடுப்பில் வைத்து வீரன் மாதிரி இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோனே மாறும் என்று ஒரு பேச்சு உலகமெங்கும் பரவியது. 2010இல் வந்த அந்த ஆய்வின் ஹார்மோன் முடிவைப் பிறகு பெரிய அளவில் சோதித்தவர்களால் மறுபடி காண முடியவில்லை. ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று அறிவித்துவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தை மூச்சுக்கே கொடுக்கலாம். நண்பர் தந்தார் என்று ப்ரொப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொள்வது இன்னும் தவறு. அது இதயத்துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் என்பது உண்மை. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கி ஆபத்தில் விடக்கூடியதும் அதுவே. பேச வேண்டியிருக்கிறது என்பதற்காகவே படிப்பை நிறுத்துவது, பதவி உயர்வை மறுப்பது என்று போனால் இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். நன்றாகப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன.

ரிவியூ நாளில் அவர் வழக்கமான இரண்டாவது காபியைத் தவிர்த்தார், ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டார். முதல் நிமிடம் பாடம் செய்தபடியே வந்தது. நான்காவது ஸ்லைடில் மட்டும் தலைக்குள் ஒன்றுமே இல்லாமல் போனது. ஏற்கெனவே பழகியிருந்தபடி, கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், அந்த ஸ்லைடின் கேள்வியை வாய்விட்டே கேட்டார்: “மதியம் மட்டும் ஏன் இப்படி ஆகுது?” கேட்டவர்கள் அதைப் பேச்சின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நின்று ஸ்பின்டில் குளிர்ந்துபோவதால், மறுபடி சூடேறும்வரை அளவு மாறுகிறது என்று விளக்கிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். பிளான்ட் மேனேஜர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இடைவேளையில் மெஷினை நிறுத்தாமல் சும்மா ஓடவிட்டால் மின்சாரச் செலவு எவ்வளவு ஆகும்? அந்தக் கணக்கு அவரிடம் இல்லை. “இன்னைக்குச் சாயங்காலம் போட்டுத் தர்றேன் சார்” என்றார்.